குன்னூரில் இரண்டு நாள்: தோழிக்கு எழுதிய திட்டமும் நடந்ததும்

வியாழன் இரவு

கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி நாளைக் காலை குன்னூருக்கு வருகிறாள். சென்னையிலிருந்து கிளம்பிவிட்டதாகச் சற்று முன்புதான் தொலைபேசியில் சொன்னாள். வெள்ளியும் சனியும் மட்டுமே அவளுக்குக் கிடைத்திருக்கின்றன; சனிக்கிழமை இரவு ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து திரும்பிவிட வேண்டும். அறுபத்திரண்டு வயது, இடது முழங்காலில் தேய்மானம், மலைப்பாதையில் பேருந்து ஏறினால் குமட்டல் என்று மூன்று விஷயங்களையும் அவளே முன்கூட்டிச் சொல்லிவிட்டாள். ஆனால் அவள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தால் அந்த மூன்றும் வேறு யாருக்கோ உள்ளவை போல இருந்தது. ஊட்டி தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, சிம்ஸ் பூங்கா, டால்பின் மூக்கு, லாம்ஸ் பாறை, துரூக் கோட்டை, கோத்தகிரி என்று எட்டு இடங்கள் அதில் இருந்தன.

நான் முப்பது ஆண்டுகள் இங்கே பள்ளியில் புவியியல் கற்பித்தவள் என்பதால், விருந்தினருக்குத் திட்டம் போடுவதென்றால் எனக்கு ஒரு வகுப்பு எடுப்பது போல ஆகிவிடும். அவள் பட்டியலில் ஐந்து இடங்களை அடித்துவிட்டேன். ஊட்டி இங்கிருந்து சுமார் 18 கிலோமீட்டர்தான். ஆனால் சனிக்கிழமை போகவரச் சாலையிலேயே அரை நாள் கழிந்துவிடும், அங்கே பார்ப்பதற்கு அடுத்த அரை நாள் வேண்டும், ஓய்வுக்கு இடமே இராது. கோத்தகிரி வேறு திசை. பக்காசுரன் மலை என்று இங்கே சொல்லப்படும் துரூக் கோட்டைக்குத் தேயிலைத் தோட்டத்தின் வழியே பல கிலோமீட்டர் நடக்க வேண்டும். அந்த முழங்காலுக்கு அது ஆகாது. மீதியிருக்கும் மூன்று இடங்களை இரண்டு நாள்களில் எந்த வரிசையில் வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை முழங்காலும் மேகமும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

அவளுக்கு அனுப்பிய குறிப்பின் முதல் பகுதி பயணத்தைப் பற்றியது. சென்னையிலிருந்து வரும் நீலகிரி விரைவு ரயில் மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு இணைப்பாக ஓடுகிறது. மலை ரயில் காலை 7.10-க்குப் புறப்படும். பயணச்சீட்டை முன்பதிவு செய்யும்போது மேட்டுப்பாளையத்துக்கு MTP என்றும் குன்னூருக்கு ONR என்றும் தட்ட வேண்டும்; UAM என்று தட்டினால் ஊட்டிவரை கட்டணம் போய்விடும். சொந்தக் காரில் வருவதாக இருந்தால் epass.tnega.org தளத்தில் வண்டிக்கு இ-பாஸ் எடுத்தாக வேண்டும். ரயிலில் வருகிறவளுக்கு அது தேவையில்லை. மலை ரயில் பெட்டிகளில் கழிப்பறை கிடையாது என்பதையும் எழுதினேன். மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில், நடுவில் ஹில்குரோவ் போன்ற நிலையத்தில் வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிக்கொள்ளலாம். காலை உணவு அரை வயிற்றுக்குப் போதும். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்து வா, நெகிழிப் பாட்டில் இந்த மாவட்டத்தில் தடை செய்யப்பட்டிருக்கிறது என்று அடிக்கோடிட்டேன்.

இரண்டாம் பகுதியில் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதினேன்: ‘முதல் நாள் மதியம் மூன்று மணி வரை நீ எங்கும் போகக் கூடாது.’ அதற்கு அவள், ‘ஏண்டி, தூங்குறதுக்கா அவ்வளவு தூரம் வரேன்?’ என்று பதில் அனுப்பியிருக்கிறாள்.

முதல் நாள், வெள்ளி

ரயில் பத்தரை மணியை ஒட்டி வந்தது. நிலையத்தை விட்டு உடனே கிளம்பாமல் அவளைப் பத்து நிமிடம் நடைமேடையிலேயே நிறுத்திவைத்தேன், ஏனென்றால் குன்னூரில் பார்க்க வேண்டிய முதல் காட்சி அங்கேதான் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்த நீராவி எஞ்சினை இங்கே கழற்றிவிட்டு, ஊட்டிவரை இழுக்க டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். ஏறும்போது நீராவி எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளும்; பெட்டிகளின் முகப்பில் நிற்கும் பிரேக்மேன்கள் கொடி காட்டிச் சைகையை ஒருவருக்கொருவர் கடத்துவார்கள். தோழி ஜன்னலோரம் உட்கார்ந்து கொடியைப் பார்த்திருக்கிறாள், ஆனால் எதற்கென்று தெரியாமல், ‘யாருக்கோ டாட்டா காட்டறாங்கன்னு நெனச்சேன்’ என்றாள்.

கல்லாறு நிலையத்திலிருந்து குன்னூர் வரை இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு அருகருகே ஓடுகின்றன. எஞ்சினின் அடியில் இருக்கும் பல்சக்கரங்கள் அவற்றைக் கவ்விக்கொண்டு ஏறும். ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்துக்கு நேராக மற்றதில் பள்ளம் இருக்கும்படி அமைத்திருப்பதால், எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருந்துகொண்டே இருக்கும். பன்னிரண்டு அடி போனால் ஓரடி உயர்கிற ஏற்றம் அது. வெறும் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். குன்னூர் வரை இந்தப் பாதை 1899-இலும் ஊட்டி வரை 1908-இலும் திறக்கப்பட்டது. குன்னூருக்கு மேலே ஏற்றம் குறைவு, பல் பட்டையும் இல்லை. அதனால்தான் எஞ்சின் மாறுகிறது. கழற்றிய எஞ்சின் பெருமூச்சு விட்டபடி கொட்டகைக்குப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டோ ஏறினோம்.

வீட்டுக்கு வர நாற்பது படிகள் ஏற வேண்டும். இருபதாவது படியில் அவள் நின்றுவிட்டாள். நெஞ்சு படபடக்கிறது என்று பயந்துவிட்டாள். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். மலைநோய் என்று சொல்லத்தக்கது வரும் உயரம் இதுவல்ல, அது பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஆனால் முந்தின இரவு கடல் மட்டத்தில் படுத்து, ரயிலில் அரைகுறையாகத் தூங்கி வந்த உடம்புக்கு இங்கே படி ஏறினால் மூச்சு வாங்கத்தான் செய்யும். உட்கார்ந்த இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டால் கவலையில்லை. அடங்காமல் தலைவலியும் குமட்டலும் சேர்ந்தால் மட்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவளுக்கு அடங்கிவிட்டது. மூன்று மணி வரை ஓய்வு என்று நான் எழுதியதை அதன் பிறகு அவள் கேலி செய்யவில்லை.

மதியச் சாப்பாட்டில் ஒரு சின்ன வாக்குவாதம் வந்தது. பக்கத்து வீட்டுப் படகர் குடும்பத்து அக்காவிடம் கற்றுக்கொண்ட முறையில் அவரைக்கொட்டைக் குழம்பு வைத்து, கேரட் பொரியலும் செய்திருந்தேன். அரிசியை அரை மணி ஊறவைத்து, குக்கரில் வழக்கத்தைவிட ஒரு விசில் கூட விட்டதைப் பார்த்துவிட்டு, சாதம் குழைந்துவிடும் என்று சொன்னாள். பள்ளி ஆய்வகத்தில் பழுதானது என்று ஒதுக்கிய, ஆனால் எனக்கு நன்றாகவே வேலை செய்கிற வெப்பமானி ஒன்று வீட்டில் இருக்கிறது. ஒரு பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு அதை உள்ளே விட்டுக் காட்டினேன். பாதரசம் 94-ஐத் தொட்டு நின்றது, அதற்கு மேல் நகரவில்லை. தீயைக் கூட்டினாள், குமிழிகள் கூடின, பாதரசம் அசையவில்லை. முந்நூறு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்குகிறது, அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பும் கொட்டையும் இங்கே வேக நெடுநேரம் ஆகும். சாதம் குழையவும் இல்லை.

அதே காரணத்தோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்: பிப்ரவரியில் இந்த ஊருக்கு வந்து காலையில் பூப்போன்ற இட்லியை எதிர்பார்க்கக் கூடாது. இரவில் பத்து டிகிரியை ஒட்டி இறங்கும் குளிரில் மாவு புளிக்காது. அடுப்பு மேடையில் கம்பளி சுற்றி வைத்தாலும் இரண்டு நாள் ஆகும், அப்போதும் இட்லி கல்லாகத்தான் வரும். தோசைக்கு அந்த மாவு போதும். எனவே என் திட்டத்தில் இரு நாளும் காலை உணவு தோசை என்று இருந்தது.

ஒரு மணி முதல் மூன்று மணி வரை அவள் நன்றாகத் தூங்கினாள். மூன்றரைக்குச் சிம்ஸ் பூங்கா. ஆட்டோவில் போய் மேல் வாயிலில் இறங்கினோம். 1874-இல் சிம்ஸ் என்ற அரசுச் செயலரும் முர்ரே என்ற மேஜரும் சேர்ந்து உருவாக்கிய, ஏறத்தாழ 12 ஹெக்டேர் பரப்புள்ள பூங்கா அது. சமதளத் தோட்டமாக நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள், ஏனென்றால் அது ஒரு பள்ளத்தாக்கின் சரிவில் இருக்கிறது. வாயிலிலிருந்து ஏரிவரை எல்லாம் இறக்கம், போகும்போது சுகமாக இருக்கும். திரும்பும்போதுதான் கால் கணக்குக் கேட்கும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கெடுதல் என்பதும் பலருக்குத் தெரியாது. எனவே படிகளில் இறங்காமல், சாய்வாக வளைந்து போகும் நடைபாதையிலேயே போனோம். ஏரியைத் தொட வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டு, பாதி வழியில் இருந்த நாற்காலி ஒன்றில் அரை மணி உட்கார்ந்தோம். மாலை வெயில் மரப்பன்னங்களின் மேல் சாய்ந்து விழும் அந்த நேரத்தில், கீழே போனால் கிடைப்பதைவிட மேலிருந்து பார்ப்பதே நன்றாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

அங்கே ஒரு ருத்திராட்ச மரம் இருக்கிறது. பழம் அடர்நீல நிறத்தில் பளபளவென்று ஒரு கோலிக்குண்டு அளவில் இருக்கும். அதன் கீழே விழுந்து கிடந்த ஒன்றைக் காட்டியதும் அவளால் நம்ப முடியவில்லை. பூஜை அறையில் பழுப்பாக, சுருக்கங்களோடு பார்த்தது இந்த நீலப் பழத்துக்குள் இருக்கும் கொட்டைதான். சதையை அழுகவிட்டுக் கழுவினால் அந்த முகங்கள் வெளிப்படும். எடுத்துக்கொள்ள அவளுக்குக் கை துறுதுறுத்தது. பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று சொல்லி இழுத்து வந்தேன்.

வெளியே வந்தால் எதிரே பாஸ்டர் நிறுவனத்தின் பழைய கட்டடம். 1907-இல் தொடங்கியது, நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொள்ளத் தென்னிந்தியாவின் பல ஊர்களிலிருந்தும் மக்கள் இந்த மலையேறி வந்த காலம் ஒன்று இருந்தது. உள்ளே போய்ப் பார்க்கும் இடமல்ல என்பதால் சாலையிலிருந்தே பார்த்துவிட்டுக் கடைவீதிக்குப் போனோம்.

கடைவீதியில் வேலை ஒன்றுதான்: வர்க்கி. 2023-இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லாக் கடைகளிலும் அந்த அட்டை தொங்குகிறது, ஆனால் எல்லா வர்க்கியும் ஒன்றல்ல. மைதாவோடு சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்து, முந்தைய மாவிலிருந்து எடுத்துவைத்த புளித்த மாவைக் கலந்து, மடித்து மடித்து அடுக்காக்கி, விறகு அடுப்பில் சுடுவார்கள். நல்லதைக் கண்டுபிடிக்க நான் செய்வது இதுதான்: ஒன்றை வாங்கி உடைத்துப் பார்ப்பேன். ‘கருக்’ என்ற ஒலியோடு உடைந்து, உள்ளே அடுக்குகள் இதழ் இதழாகத் தெரிய வேண்டும். வளைந்து கிழிந்தால் அது முந்தாநாள் சரக்கு. விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் கொழுப்பை அதிகமாகக் கொட்டியிருக்கிறார்கள். இந்த ஊரின் ஈரக்காற்றில் அரை மணி திறந்து வைத்தால் எதுவும் நமத்துவிடும் என்பதால், வாங்கிய கையோடு தகர டப்பாவில் போட்டு மூட வேண்டும். ஒரு கடையில் எங்களுக்கு நமத்ததை மேலே புதியதைத் தூவிக் கொடுக்கப் பார்த்தார்கள். எடைபோடும் முன்பே கவனித்துவிட்டதால் தப்பினோம்.

இரவு ஏழரைக்குச் சூடான ரவை உப்புமா, மிளகு ரசம். எட்டரைக்கு வெந்நீர்ப் பையை முழங்காலில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். காலை ஆறரைக்கு எழுப்புவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

இரண்டாம் நாள், சனி

இன்றைய திட்டம் முழுக்க ஒரே ஒரு கவலையைச் சுற்றி எழுதப்பட்டது: மேகம் வருவதற்கு முன் டால்பின் மூக்கைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தங்கை குடும்பம் வந்திருந்தபோது, குழந்தைகள் மெல்ல எழுந்து, குளித்து, சாப்பிட்டுக் கிளம்பிப் பதினொன்றரைக்கு அங்கே போய்ச் சேர்ந்தோம். நுழைவுச் சீட்டு வாங்கி, கைப்பிடிக் கம்பி வரை போய், வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்டது போன்ற ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். தவறு முழுக்க என்னுடையது. புவியியல் ஆசிரியைக்கு அது மறக்கக்கூடாத பாடம்.

நடப்பது இதுதான். இரவில் மலைச்சரிவு குளிர்ந்து, கனத்த காற்று மேலிருந்து கீழே இறங்குகிறது. அதனால் விடியலில் பள்ளத்தாக்கு பெரும்பாலும் தெளிவாக இருக்கும். வெயில் ஏறியதும் சரிவு சூடாகிறது, காற்றின் திசை திரும்பிவிடுகிறது. மேட்டுப்பாளையத்துச் சமவெளியின் ஈரக்காற்று மலையைத் தடவிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கும். நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஒரு டிகிரி அது குளிரும்; ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியதும் தன் ஈரத்தைச் சுமக்க முடியாமல் மேகமாகிவிடும். டால்பின் மூக்கும் லாம்ஸ் பாறையும் மலையின் விளிம்பில், அந்தக் காற்று ஏறும் வழியிலேயே இருக்கின்றன. எனவே அங்கே நாம் ‘மூடுபனி’ என்று சொல்வது உண்மையில் கீழிருந்து ஏறி வரும் மேகம். வானம் நீலமாக இருக்கும்போதே கூட அது வந்துவிடும் என்பதால்தான் ஏமாந்து போகிறோம்.

ஏழே முக்காலுக்குக் கிளம்பினோம். வழக்கமாக வரும் வாடகைக் கார் தம்பிதான் ஓட்டினார். டால்பின் மூக்கு ஊரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்; லாம்ஸ் பாறைக்கான கிளை வழியிலேயே வந்துவிடும். அருகில் இருப்பதை முதலில் பார்த்துவிட்டுப் போகலாமே என்று யாருக்கும் தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. தொலைவில் இருப்பதை முதலில் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மற்றதைப் பார்ப்பதே சரி. அங்கே கிடைக்கும் காட்சி பெரிது. பதினொரு மணிக்கு மேல் அந்தக் குறுகலான சாலையில் சுற்றுலா வேன்கள் எதிரெதிரே வந்து நின்றுவிடும் என்பது இன்னொரு காரணம்.

திட்டத்தில் இல்லாதது ஒன்று எட்டே காலுக்கு நடந்தது. தேயிலைத் தோட்டத்தின் வளைவு ஒன்றில் தம்பி வண்டியை மெல்ல நிறுத்தி, ‘அக்கா, காட்டுமாடு’ என்றார். சாலையின் நடுவில் ஒன்று, தேயிலைச் செடிகளுக்கு நடுவே மார்பளவு மறைந்து இரண்டு, பின்னால் ஒரு கன்று. நடுவில் நின்றது காளை. கால்கள் நான்கும் வெள்ளைக் காலுறை போட்டது போல, முதுகுத் திமில் எங்கள் காரின் கூரைக்குச் சமமாக. தோழி கைப்பேசியை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள். தம்பி சத்தமில்லாமல் பூட்டை அழுத்திவிட்டார். இறங்கக் கூடாது, ஒலி எழுப்பக் கூடாது, முன்விளக்கை அடிக்கக் கூடாது, முக்கியமாகக் கன்றுக்கும் தாய்க்கும் நடுவே வண்டியை நுழைக்கக் கூடாது. காட்டுமாடு தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் உடம்பைக் காட்டி நின்றால், தன் பருமனைக் காட்டி எச்சரிக்கிறது என்று பொருள். அப்போது பின்வாங்குவதே நல்லது. இந்தக் காளை அப்படியெல்லாம் செய்யவில்லை. நின்ற இடத்திலேயே அசைபோட்டது. இருபது நிமிடம் கழித்து, தனக்கு வேறு வேலை இருப்பது போலச் செடிகளுக்குள் இறங்கியது.

ஒன்பது மணிக்கு டால்பின் மூக்கில் இருந்தோம். பாறையின் நுனிவரை போகும் பாதையில் கைத்தடியோடு மெதுவாக இறங்கினாள். கீழே பள்ளத்தாக்கு, எதிர்ச்சரிவில் கேத்தரின் அருவி. சுமார் 250 அடி உயரத்திலிருந்து விழும் அருவி. கோத்தகிரிப் பக்கத்து மலையிலிருந்து வருகிறது. பிப்ரவரியில் தண்ணீர் குறைவு என்பதை முன்பே சொல்லியிருந்தேன், வெள்ளை நூல் ஒன்றைத் தொங்கவிட்டது போலத்தான் தெரிந்தது. குன்னூரின் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர், நவம்பரில் பெய்வது. அருவியை மட்டும் நோக்கமாகக் கொண்டு வருகிறவர்கள் டிசம்பரில் வர வேண்டும். ஆனால் மழை மாதங்களில் மண்சரிவால் மலை ரயில் நின்றுபோவதும் உண்டு. இரண்டும் வேண்டுமென்றால் சற்றுப் பொறுத்து ஜனவரியில் வருவது நல்லது.

ஒன்பதரைக்கு நான் அவளைக் கீழே பார்க்கச் சொன்னேன். பள்ளத்தாக்கின் அடியில் முதலில் ஒரு மங்கல் மட்டும் இருந்தது, கண்ணாடியில் மூச்சு விட்டது போல. பிறகு சரிவின் மடிப்பு ஒன்றில் பஞ்சுப் பிசிறு போல ஒரு துண்டு தோன்றியது. அதற்கு மேலே இன்னொன்று. அவை நகர்ந்து வரவில்லை, இருந்த இடத்திலேயே முளைத்தன. மேலே ஏறும் காற்று கண்ணுக்குத் தெரியாது, அது குளிர்ந்து மேகமாகும் இடம்தான் தெரியும் என்பதை இத்தனை தெளிவாக எந்தக் கரும்பலகையிலும் என்னால் வரைய முடிந்ததில்லை. முதல் பிசிறைப் பார்த்ததிலிருந்து கணக்கிட்டால் பெரும்பாலும் கால் மணி நேரம்தான் மிச்சம். ஒன்பது ஐம்பதுக்கு அருவி போய்விட்டது. கைப்பிடிக் கம்பியில் சில்லென்று ஈரம் படிந்தது. அப்போதுதான் இரண்டு வேன்களில் ஒரு பெரிய கூட்டம் வந்து இறங்கி, ‘இங்க என்னங்க பார்க்கணும்?’ என்று எங்களைக் கேட்டது.

லாம்ஸ் பாறையில் நாங்கள் தோற்றோம். காட்டுமாடு தின்ற இருபது நிமிடம் அங்கேதான் குறைந்தது. பத்தேகாலுக்குச் சேர்ந்தபோது கோவைச் சமவெளி தெரிய வேண்டிய இடத்தில் வெறும் வெண்மை. ஆனால் சாலையிலிருந்து பாறைக்குப் போகும் காட்டுப் பாதை மேகத்துக்குள் நன்றாகவே இருந்தது. பாசி படர்ந்த மரங்களிலிருந்து மழை பெய்யாமலே சொட்டிக்கொண்டிருந்தது. கற்கள் வழுக்கும் என்பதால் அவளை முதல் திருப்பத்திலேயே ஒரு கல்லில் உட்காரவைத்தேன். கையில் இருந்த வர்க்கிப் பொட்டலத்தைக் குரங்கு ஒன்று கண்டுபிடித்து நெருங்கியதும், எனக்கு முன்பே எழுந்து காருக்கு நடந்துவிட்டாள்.

மேகம் மூடிய நேரத்துக்குக் கூரைக்குக் கீழே ஏதாவது வைத்திருக்க வேண்டும் என்று தேயிலைத் தொழிற்சாலையைப் பதினொரு மணிக்கு எழுதியிருந்தேன். ஞாயிறன்று தோட்டங்களில் இலை பறிக்க மாட்டார்கள், எனவே திங்களன்று பல தொழிற்சாலைகளில் இயந்திரம் ஓடாது. சனிக்கிழமை அந்தத் தொல்லை இல்லை. முந்தின நாள் பறித்த இலைகளை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி வாட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இப்படி வாட்ட வேண்டும். அங்கிருந்த மேஸ்திரி ஒரு தளிரை எடுத்து அவள் கையில் கொடுத்து, காம்பை மடிக்கச் சொன்னார். அது உடையாமல் மெல்லிய தோல் வார் போல வளைந்தது. ‘ஒடிஞ்சா இன்னும் வாடணும்னு அர்த்தம்மா’ என்றார். பச்சை இலையின் காம்பு வெடுக்கென்று ஒடிந்துவிடும்; அதை உருட்டினால் இலை நசுங்காமல் தூளாகிப்போகும். உருட்டும் கூடத்தில் பச்சை நிறம் செம்புக்கு மாறிக்கொண்டிருந்த இலைக்குவியலின் மணத்தில் அவள் நெடுநேரம் நின்றாள். நாலரைக் கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தேயிலைத் தூள்தான் கிடைக்கும் என்று கேட்டபோது, விலையைப் பற்றி வாசலில் புலம்பியதை மறந்துவிட்டு அரைக் கிலோ வாங்கினாள்.

ஒன்றேகாலுக்கு வீட்டில் சாப்பாடு. எலுமிச்சைச் சாதம், தயிர், உருளைக்கிழங்கு வறுவல், அவ்வளவுதான். மாலையில் மலை இறங்கப் போகிறவளுக்குக் குழம்பும் கூட்டுமாக விருந்து வைப்பது குமட்டலை அழைப்பதாகும். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது கழித்துத்தான் வண்டி ஏற வேண்டும் என்று நாலரைப் பேருந்தைக் குறித்திருந்தேன். இரண்டு மணி நேரம் கால் நீட்டிப் படுத்தாள். முழங்கால் வீங்கவில்லை.

பேருந்தில் முன் பக்கத்து இருக்கை, ஜன்னலோரம். வளைவில் கைப்பேசியைப் பார்க்காமல் சாலையையே பார்க்க வேண்டும். பார்வையும் உடம்பும் ஒரே அசைவைச் சொன்னால் தலை சுற்றாது. ஒன்றரை மணி நேரத்தில் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் இறங்குவதால் காது அடைக்கும், அதற்கு மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். கொண்டை ஊசி வளைவுகள் பதினான்கையும் எண்ணிக்கொண்டே போனால் நேரம் போவது தெரியாது என்றும் சொல்லி அனுப்பினேன்.

ஆறேகாலுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து கூப்பிட்டாள். குமட்டவில்லை, ஆனால் பதின்மூன்று வளைவுகள்தான் வந்தன, ஒன்றை நான் கூட்டிச் சொல்லிவிட்டேன் என்று சண்டைக்கு வந்தாள். மிட்டாய்க்குப் பதிலாக வர்க்கியைத் தின்றுகொண்டே போனதையும் ஒப்புக்கொண்டாள். எந்த வளைவில் டப்பாவைத் திறந்தாய் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

அடுத்த மாதம் தங்கை குடும்பம் மறுபடி வருகிறது. இதே தாளில் ஏழே முக்காலை அடித்து ஏழு என்று எழுதி, பக்கத்தில் ‘காட்டுமாட்டுக்கு அரை மணி’ என்று சேர்த்திருக்கிறேன்.